குறுகிய மாதமும் முப்பது பாடலும்

தமிழ் மாதங்கள் பன்னிரண்டிலும் மிகக் குறுகியது மார்கழி. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அணுக்கமாக வந்து சற்று விரைந்து செல்வதால், சூரியன் தனுர் ராசியைக் கடக்க 29 நாட்களும் சில நாழிகைகளுமே ஆகின்றன. ஆகவே பஞ்சாங்கம் இம்மாதத்துக்குச் சில வருஷங்களில் 29 நாள், சில வருஷங்களில் 30 நாள் கொடுக்கிறது. ஆனால் திருப்பாவைப் பாசுரங்கள் 30; திருவெம்பாவையின் 20 பாட்டோடு திருப்பள்ளியெழுச்சியின் 10 பாட்டைச் சேர்த்தால் அங்கும் 30. நாள் ஒன்று குறைந்தால் என்ன செய்வது? கடைசி இரண்டு பாசுரங்களையும் ஒரே நாளில் பாடி நிறைவு செய்கிறார்கள். நியமத்தை வகுத்தவர்களே காலத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்க, உத்தியோகத்துக்கு ஓடும் குடும்பங்கள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளைச் சிரத்தைக் குறைவென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் தருமபுரியில் கோட்டைக்குப் போனால் மல்லிகார்ஜுனரையும் பரவாசுதேவரையும் ஒரே நடையில் சேவித்துவிடலாம். தொன்னையில் சூடான வெண்பொங்கலும் கிடைக்கும். ஆனால் ஓசூர்த் தொழிற்சாலைக்கு விடியுமுன் பேருந்து ஏறவேண்டிய என் மருமகளுக்கு அது ஞாயிற்றுக்கிழமை பாக்கியந்தான். மற்ற நாட்களில் அவள் இரவு பத்து மணிக்கே வாசல் தெளித்து, மண் நீரை உள்வாங்கி ஈரம் மட்டும் நிற்கும்வரை காத்திருந்து, பிறகு புள்ளி வைக்கிறாள். ஈரம் மிகுந்தால் மாவு கரைந்து இழை பரவும், காய்ந்துவிட்டால் காற்றோடு போகும். வர்ணப்பொடியை அவள் தொடுவதில்லை. இந்த மேட்டுநிலத்துப் பனி விடிவதற்குள் அதைக் கலங்கடித்துவிடும். சாணிப் பிள்ளையாரையும் பூசணிப்பூவையும் வைப்பது மட்டும் காலையில், செருப்பு மாட்டும்போது, அன்றைய பாசுரத்தை முணுமுணுத்துக்கொண்டே.

சூரியனும் அவள் பக்கம் இருக்கிறான். டிசம்பர் 21-க்குப் பிறகு பகல் நீளத் தொடங்கினாலும் உதயம் முந்துவதில்லை. மாதம் முடிவதற்குள் ஏறக்குறைய பத்து நிமிடம் பிந்தியே போகிறது. பேருந்தின் நேரமோ மாறாததால், அவளுடைய பாசுரம் ஒருநாளும் உதயத்துக்குப் பிந்துவதில்லை.

நான் ஒப்பாதது ஒன்றுதான்: ஒலிபெருக்கியில் பாட்டை முழக்கிவிட்டு வீட்டார் போர்வைக்குள் கிடப்பது. நோன்பைத் தனியே நோற்றதாகத் திருப்பாவை சொல்லவில்லை; அதன் ஆறாம் பாசுரந்தொட்டுப் பதினைந்துவரை பத்துப் பாடல்களும் உறங்குகிறவர்களை எழுப்புவதற்கே செலவாகின்றன. அப்படியிருக்க, வாசலையும் விளக்கையும் பிரசாதத்தையும் வீட்டில் ஒருத்தியின் தலையிலேயே கட்டிவிட்டு அதைச் சம்பிரதாயம் என்பது அநியாயம். வருகிற மார்கழியிலாவது, ஆண்பிள்ளைகளே, தண்ணீர் வாளியை நீங்கள் தூக்குங்கள்.