நாத்திகன் என்பவன் யார்?

பௌத்த சமயத்தைத் தழுவிய நம்மில் பலர் ஒரு கேள்வியை அடிக்கடி எதிர்கொள்ள நேர்கின்றது. “உலகைப் படைத்த கடவுளை நீங்கள் ஏற்பதில்லை, ஆகவே நீங்களும் நாத்திகர்தாமே?” என்பதே அக்கேள்வி. சிலர் சினந்து மறுக்கின்றனர்; சிலர் பெருமையுடன் ஒப்புகின்றனர். இருசாராரும் அச்சொல்லுக்குப் பொருள் ஒன்றே என்று கருதிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. நாத்திகன் என்னும் சொல் ஒரு துலாக்கோல் போன்றது. அதைப் பிடிக்கும் கை மாறுந்தோறும் எடைக்கல்லும் மாறி வந்துள்ளது.

பாணினியின் இலக்கணத்தில் இச்சொல்லின் பிறப்பு கூறப்பட்டுள்ளது. உண்டு என்னும் கருத்துடையவன் ஆத்திகன்; இல்லை என்னும் கருத்துடையவன் நாத்திகன். எது உண்டு, எது இல்லை என்பதைச் சூத்திரம் சொல்லவில்லை. மறுவுலகம் என்றே உரைகாரர் விளக்கினர். மனுவின் நூலோ வேதத்தை இகழ்பவனே நாத்திகன் என வரையறுத்தது. இவ்வளவையின் விளைவு வியப்புக்குரியது. சாங்கியரும் பழைய மீமாஞ்சகரும் படைப்புக் கடவுளை ஏற்காதவர்கள். ஆயினும் வேதத்தை ஒப்பியதால் ஆத்திகராயினர். வினையையும் மறுபிறப்பையும் ஏற்ற பௌத்தரும் சமணரும், வேதத்தை ஒப்பாததால் நாத்திகராயினர். சமண ஆசிரியராகிய அரிபத்திரர் பௌத்தத்தையும் சமணத்தையும் ஆத்திக தரிசனங்களுள் வைத்து, உலகாயதத்தை மட்டும் பிரித்தார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த அத்துவைதியாகிய மதுசூதன சரசுவதியோ பௌத்தரின் நான்கு பிரிவுகளையும் சமணரையும் சார்வாகரையும் சேர்த்து நாத்திகர் அறுவர் எனக் கணக்கிட்டார். கடவுளை மறுப்பவன் என்னும் இன்றைய வழக்கு மூன்றாவது அளவை. எனவே ஒருவனை நாத்திகன் என்று கூறும் சமயம், அவனைப் பற்றிக் கூறுவதைவிடத் தனக்கு எது உயிர்நிலை என்பதையே மிகுதியாகக் கூறுகின்றது.

அங்ஙனமாயின் பௌத்தத்தின் எடைக்கல் யாது? பௌத்த நூல்களும் இல்லை என்பாரைக் கண்டித்துள்ளன என்பதை நாம் மறைத்தலாகாது. அக்கொள்கைக்குப் பாலி மொழியில் நத்திகவாதம் என்று பெயர். தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சூத்திரத்தில் அஜித கேசகம்பலி என்பார் இதனைக் கூறுபவராக வருகின்றார். ஈகைக்குப் பயனில்லை, நல்வினை தீவினைகளுக்கு விளைவில்லை, தாயில்லை, தந்தையில்லை, மறுவுலகில்லை, நாற்பூதங்கள் கலைந்தால் அனைத்தும் முடிந்தன என்பது அவர் கூற்று. இப்பட்டியலில் படைப்புக் கடவுளை மறுத்தல் ஒரு குற்றமாக இடம்பெறவில்லை. அதுமட்டுமன்று. அங்குத்தர நிகாயத்தின் ஒரு சூத்திரம், இன்ப துன்பம் யாவும் இறைவன் படைப்பே என்னும் கொள்கையையும், யாவும் காரணமின்றி நிகழ்வன என்னும் கொள்கையையும், யாவும் முன்வினையே என்னும் கொள்கையையும் ஒரே வரிசையில் வைத்து விலக்குகின்றது. மூன்றும் முயற்சியை வீணாக்கும் என்பதே அது காட்டும் காரணம். ஆகவே பௌத்தத்தின் எடைக்கல் வினையும் அதன் பொறுப்புமேயாகும்.

இனி, “எனக்குத் தெரியாது” என்பாரைப் பற்றி என் சொல்வது? சஞ்சய பேலட்டபுத்தர் மறுவுலகம் உண்டு என்றும் சொல்லார், இல்லை என்றும் சொல்லார், இரண்டும் என்றும் சொல்லார். இத்தகையோரின் பேச்சைப் பிடிக்குள் அகப்படாமல் நழுவும் விலாங்குமீனுக்கு ஒப்பிட்டுப் பிரமஜால சூத்திரம் நான்கு வகையாகப் பிரிக்கின்றது. பிழையாகச் சொல்லிவிட்டு மனம் வருந்துவோமே என்று நழுவுகின்றான் ஒருவன். பற்றில் வீழ்வோமோ என அஞ்சுகின்றான் இன்னொருவன். கற்றோர் குறுக்கு விசாரணைக்கு அஞ்சுகின்றான் மூன்றாமவன். நான்காமவன் வெறும் மந்தமதியினன். ஆனால் பகவான் புத்தரும், உலகம் அழிவற்றதா, எல்லையுடையதா என்பன போன்ற வினாக்களுக்கு விடை கூறாது விட்டாரன்றோ? இருவர் மௌனத்திற்கும் வேறுபாடு உண்டு. துன்பத்தைத் தீர்க்க உதவாத வினாக்களை மட்டுமே பகவான் ஒதுக்கினார். துன்பம் யாது, அதன் காரணம் யாது என்பதைத் தெளிவாகவே உரைத்தார். முதல் மூவரோ நல்லது எது, தீயது எது என்னும் இடத்திலேயே நழுவினர். அறியாமையை ஒப்புதல் குற்றமன்று. அறத்தில் விடை கூறாமலிருக்க அதனை மறைவிடமாக்குவதே குற்றம்.

“எச்சமயத்தையும் சாரேன், உள்ளத்தூய்மை மட்டும் போதும்” என்பார் இக்காலத்துப் பலர். மஜ்ஜிம நிகாயத்தின் 60ஆம் சூத்திரமாகிய அபண்ணக சூத்திரம் இவர்களுக்கு நெருங்கியது. கோசல நாட்டுச் சாலை என்னும் ஊரின் பிராமண இல்லறத்தாரை நோக்கி, காரணத்தோடு நம்பிக்கை கொள்ளத்தக்க ஆசிரியர் எவரேனும் உங்களுக்கு உண்டா எனப் பகவான் வினவினார். இல்லை என்றனர். அவர் அவர்களை இகழவுமில்லை, அதனை ஒரு பெருமையாகப் புகழவுமில்லை. பிழைபடாத வழி ஒன்றைத் தந்தார். மறுவுலகம் இல்லையாயினும், தீயொழுக்கமுடையவன் இம்மையிலேயே அறிஞரால் பழிக்கப்படுவான். உண்டாயின் இருமையும் இழப்பான். நல்லொழுக்கமுடையவனுக்கோ இரு நிலையிலும் இழப்பில்லை. காலாமர்க்கு உரைத்ததும் இதனை ஒத்ததே. அதனை ‘மனம்போல் நம்புக’ என்பதாகச் சிலர் கொள்கின்றனர். மரபை மட்டும் நம்பற்க என்ற அவ்வுரையே, தன் மனத்துக்கு இசைந்த கருத்து என்பதற்காகவும் நம்பற்க என்று கூறுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒருவர் கோயிலுக்குச் செல்லார். இறந்தபின் ஒன்றுமில்லை என்பார். ஆயினும் முதிய தாயைப் பேணுகின்றார். பொய்ச்சாட்சி கூற மறுத்து இழப்பை ஏற்கின்றார். மூன்று பழைய அளவைகளிலும் அவர் நாத்திகர். அஜிதரின் பட்டியலில் வைத்துப் பார்த்தாலோ பாதி பொருந்துகின்றது, பாதி பொருந்தவில்லை. மறுவுலகத்தை மறுத்தல் பிழைக்காட்சி என்றே பாலி நூல் கூறும். அதனை அவரிடம் நாம் மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆனால் செயலுக்கு விளைவுண்டு என்பதை அவர் தம் வாழ்க்கையால் ஒப்பியிருக்கின்றார். சொல்லால் மறுத்துச் செயலால் ஏற்பவரை, தாயுமில்லை தந்தையுமில்லை என்பாரோடு ஒரு பெயரிட்டு அழைப்பது எங்ஙனம் பொருந்தும்?

மேலும் ஒன்று நினைக்கத்தக்கது. அஜிதரின் சொந்த நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவரை மறுத்தோரின் ஏடுகளிலேயே அவரைக் காண்கின்றோம். வேதியர் ஏடுகளில் மட்டும் பௌத்தரைக் காண்பவர் நம்மை எவ்வாறு தவறாக அறிவரோ, அவ்வாறே நாமும் அவரைத் தவறாக அறிந்திருத்தல் கூடும். மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதை இங்கு நல்வழி காட்டுகின்றது. கண்ணாற் காண்பதையே நம்புவேன் என்னும் பூதவாதியை மணிமேகலை முதலில் பேசவிட்டு முழுதும் கேட்கின்றாள். பின்னர், நின் தாய்தந்தையரை அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என்னும் பொருள்பட வினவுகின்றாள். அவள் கொண்டது வசைச்சொல்லன்று, வினா.

ஆகவே, “நீர் நாத்திகரா?” எனக் கேட்பவரிடம், “எந்த அளவையால் கேட்கின்றீர்?” என்று நாம் அமைதியாகக் கேட்கலாம். பிறரை அச்சொல்லால் அழைக்க நம் நா எழும்போதும், அதே வினாவை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்ளுதல் முறையாகும்.