பழைய பிழையை எந்த ஆண்டு சுமப்பது?

ஒரு நிறுவனம் 2022 ஏப்ரல் தொடக்கத்தில் கொதிகலனைப் பழுதுபார்க்க 60 லட்சம் ரூபாய் செலவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைச் செலவாக எழுதாமல் பத்தாண்டு உழைக்கும் சொத்தாகப் பதிந்து, ஆண்டுக்கு 6 லட்சம் தேய்மானம் கழித்து வந்தார்கள். 2024-25 கணக்கை முடிக்கும்போது தவறு தெரிகிறது. ஏட்டில் 48 லட்சம் ரூபாய்க்கு இல்லாத சொத்து நிற்கிறது. இந்தச் சுமையை யார் தலையில் இறக்குவது?

பழைய தரநிலையான ஏ.எஸ். 5, அதை இந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்கிலேயே தனியாகக் காட்டச் சொல்கிறது. இண்ட் ஏ.எஸ். 8 பின்பற்றும் நிறுவனம் அப்படிச் செய்ய முடியாது. ஒப்பீட்டுக்குக் காட்டும் ஆண்டு 2023-24. பிழை அதற்கும் முந்தையது. ஆகவே 2023 ஏப்ரல் 1 அன்றைய தக்கவைத்த வருவாயில் 54 லட்சம் குறையும்; 2023-24-இல் கழித்த 6 லட்சம் தேய்மானம் நீங்கி அவ்வாண்டு இலாபம் உயரும். வரியின் விளைவு தனி.

இது நியாயமா? இந்த ஆண்டின் இலாபத்தை வைத்துத்தான் இந்த ஆண்டு உழைத்தவர்களை எடைபோடுகிறோம். முன்னவர்கள் செய்த பிழையை இவர்கள் கணக்கில் ஏற்றினால், 2024-25 உண்மையைவிட மோசமாகத் தெரியும்.

எதிர்வாதமும் வலுவானதே. பலரும் படிப்பது இலாப வரியை. தொடக்க இருப்பின் திருத்தத்தைப் படிப்பவர் சிலர். 2022-23-இன் பொய்யான இலாபத்தைக் காட்டி ஊக்கத்தொகை வாங்கியவர் இருக்கலாம். அந்த 54 லட்சமோ இனி வெளியிடும் எந்த ஆண்டின் இலாபத்தையும் தொடாமல் கடந்துவிடும். இவ்வழி எளிதென்று கண்டவர், இந்த ஆண்டு வராக்கடனான தொகையையும் பழைய பிழை என்று எழுதத் துணிவார்.

எனவே இத்தகைய திருத்தத்தை விளக்கித் தணிக்கையாளருக்கு எழுதும் குறிப்பின் அறம் ஒரு கேள்வியில் அடங்கும்: சரியான தகவல் அந்தக் கணக்கை ஒப்புக்கொண்ட நாளிலேயே கிடைக்கும் நிலையில் இருந்ததா? கொதிகலன் விஷயத்தில் 2022-ஆம் ஆண்டுப் பணி ஆணையிலேயே 'பழுதுபார்ப்பு' என்று இருந்தால் அது பிழை. அன்று கணித்த பத்தாண்டு ஆயுள் இன்று ஆறாகச் சுருங்கியிருந்தால் அது மதிப்பீட்டு மாற்றம். அதை இந்த ஆண்டும் வரும் ஆண்டுகளும் ஏற்க வேண்டும்.

குறிப்பு சுருக்கமாக இருக்கலாம். ஆனால் பணி ஆணையின் தேதி, பிழை எப்படித் தெரியவந்தது, தொகை ஆண்டுவாரியாக எப்படிப் பிரிகிறது, அந்த இலாபத்தின் பேரில் யாருக்கேனும் ஊக்கத்தொகை போனதா என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசி விவரத்தைத் தரநிலை கேட்பதில்லை. அதையும் சேர்த்து எழுதினால்தான், இலாபத்தைத் தொடாத திருத்தம் பொறுப்பையும் தொடாமல் போகாது.