'நாளைக்கு வந்துடுவேன்' என்று சொல்லலாமா?

செகண்ட் ஷிப்ட் என்பது ஒரு விசித்திரமான வேலை நேரம். மதியம் 2 மணிக்கு உள்ளே போனால் ராத்திரி 10, 10.30க்கு வெளியே வரலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் முன்னால் நிற்கிறவருக்கு இது என்ன கணக்கு தெரியுமா? அவர் கிளம்பும்போது குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கும். திரும்பும்போது தூங்கியிருக்கும். காலையில் வேன் வருவதற்கு முன் ஒரு பத்து நிமிஷம், அதுவும் ஷூவைத் தேடுவதில் போய்விடும். ஒரே வீடு, ஒரே பாய், ஆனால் வாரம் முழுக்கப் பேச்சு கிடையாது. பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிற அம்மாக்களுக்கும் இதே கதைதான். ஆவடி சி.ஆர்.பி.எஃப். குடியிருப்பில் இருக்கிற குடும்பங்களுக்கு வாரம் என்பது மாதமாகிவிடும்.

இப்படிப்பட்டவர்கள் செய்து பார்க்கிற ஒரு காரியம், ராத்திரிக் கதையைப் போனில் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போவது. நீங்களும் செய்திருக்கலாம். இல்லையென்றால் செய்யப் போகிறீர்கள். செய்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்கள் குரல் அங்கே இருக்கும்போது, நீங்கள் அங்கே இருக்கிறீர்களா?

இந்தக் கேள்வி பழசு. பிளேட்டோ எழுதிய 'ஃபீட்ரஸ்' என்ற உரையாடலில் சாக்ரடீஸ் எழுத்தைப் பற்றி ஒரு புகார் சொல்கிறார். எழுதி வைத்த வார்த்தை பார்ப்பதற்கு விவரம் தெரிந்த ஆள் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு கேள்வி கேட்டால், முன்பு சொன்னதையே திரும்பச் சொல்லும், அவ்வளவுதான் என்கிறார். மனுஷன் போன் ரெக்கார்டரைப் பார்க்காமலே அதன் குறையைச் சொல்லிவிட்டார். குழந்தை 'ஏம்பா?' என்று கேட்கும். நீங்கள் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடுவீர்கள்.

ஆனாலும் இது தேவையில்லாத வேலை என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பெட்டி மோலன்பிராக் என்று ஒரு அம்மா. கணவர் கடற்படையில் டாக்டர். அவர் பல மாதம் கடலில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, சின்னப் பெண்ணுக்கு அப்பாவையே அடையாளம் தெரியவில்லை. அந்த அனுபவம் மனசில் தங்கி, 1989ல் அவர் ஒரு அமைப்பைத் தொடங்கினார். கப்பலில் போகிறவர்கள் கேமரா முன் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிப்பார்கள், அந்தப் பதிவு வீட்டுக்கு வரும். இங்கிலாந்தில் 2000களின் தொடக்கத்தில் ஷாரன் பெரி என்பவர் இதையே சிறைக்குள் கொண்டுபோனார். பெயர் 'ஸ்டோரிபுக் டாட்ஸ்'. கைதிகள் கதை படிப்பார்கள், சக கைதிகளே கம்ப்யூட்டரில் அதைத் திருத்தி, சத்தங்கள் சேர்த்து அனுப்புவார்கள். படிக்கத் தெரியாத அப்பாவும் உண்டு. அவருக்கு ஒருவர் வரி வரியாக எடுத்துக் கொடுக்க, அவர் திருப்பிச் சொல்வார். எடுத்துக் கொடுத்த குரல் பிற்பாடு வெட்டப்படும். வீட்டில் கேட்கும் பிள்ளைக்கு அப்பா சரளமாகப் படிக்கிற மாதிரி இருக்கும்.

இது ஏமாற்றா? நான் யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பிள்ளைக்கு அப்பாவின் படிப்புத் திறமை முக்கியமில்லை, 'உனக்காக உட்கார்ந்தேன்' என்கிற சேதி முக்கியம். அந்தச் சேதி உண்மை. பொய் வேறு இடத்தில் நுழைகிறது. அதைக் காட்ட, ஒரு கதையை எடுத்து எழுதிப் பார்ப்போம்.

குரங்கும் முதலையும் உங்களுக்குத் தெரியும். குரங்கு தரும் நாவல் பழத்தைத் தின்னும் முதலை, பெண்டாட்டி ஆசைப்பட்டாள் என்று குரங்கின் ஈரலுக்குக் குறி வைக்கும் கதை. அஞ்சு வயசுக்கு ஏற்றது, மூன்றே குரல், ஏழெட்டு நிமிஷம். நிதானமாகப் படித்தால் நிமிஷத்துக்கு 70, 80 தமிழ் வார்த்தை ஓடும். ஆகவே 550 வார்த்தைக்கு மேல் எழுதாதீர்கள். ஆனால் எழுதியே ஆக வேண்டும். 'தெரிஞ்ச கதைதானே' என்று வாய்க்கு வந்தபடி பேசினால், நடுவில் முதலைக் குரல் குரங்குக்குப் போய்விடும்.

எழுதும்போது நம் தமிழே ஒரு சிக்கல் பண்ணும். 'மரத்துலயே ஈரலை வெச்சுட்டு வந்துட்டேனே, என்றது குரங்கு' என்று எழுதுகிறோம். பேசியது யார் என்பது கடைசியில் வருகிறது. கண்ணால் படிக்க இது சரி. வாய்விட்டுப் படிக்கிறவருக்கு, வரியை முடித்த பிறகுதான் யார் குரலில் படித்திருக்க வேண்டும் என்று தெரியும். அதனால் பெயரை முன்னால் போடுங்கள். இப்படி:

அப்பா: ஒரு ஏரி. நம்ம அம்பத்தூர் ஏரி மாதிரி, ஆனா முதலை இருக்கிற ஏரி. நடு ஏரியில, முதுகுல குரங்கை வெச்சுக்கிட்டு முதலை சொல்லுச்சு...

முதலை (மெதுவா, இழுத்து): நண்பா... ஒரு விஷயம்... என் வீட்டுக்காரிக்கு... உன் ஈரல் வேணுமாம்...

அப்பா: குரங்குக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா முகத்துல காட்டிக்கல. அது சொல்லுச்சு...

குரங்கு (வேகமா, துண்டு துண்டா): அட! இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? ஈரலை மரத்துலயே காயப் போட்டிருக்கேன்! திருப்பு, திருப்பு! போய் எடுத்துட்டு வந்துடலாம்!

கவனியுங்கள், இதில் குரலைக் கீச்சென்று மாற்றச் சொல்லவே இல்லை. முதலை மெதுவாகப் பேசும், குரங்கு வேகமாகப் பேசும். முதலையின் மனைவி வந்தால் ரகசியம் போலப் பேசட்டும். வேகம், நீளம், சத்தம் இந்த மூன்றும் போதும். தொண்டையை மாற்றினால் நாலாவது நிமிஷத்தில் இருமல் வரும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

மடியில் வைத்துக்கொண்டு முதலை மாதிரி உறுமும்போது, குழந்தை உங்கள் கண்ணைப் பார்க்கிறது. கண் சிரிக்கிறது. அதனால் பயம் விளையாட்டாகிறது. பதிவில் கண் கிடையாது. இருட்டில் உறுமல் மட்டும் வரும். மிமிக்ரி எவ்வளவு பிரமாதமோ அவ்வளவுக்கு அப்பா காணாமல் போவார். ஆகவே முதலைக்குள்ளே அப்பா கேட்க வேண்டும். ஒவ்வொரு கெட்ட வரிக்குப் பிறகும் உங்கள் சொந்தக் குரல் திரும்ப வர வேண்டும். மேலே பாருங்கள், இரண்டு மிருகங்களுக்கு நடுவில் அப்பா வந்து நிற்கிறார். சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, முதல் தடவை பகலில் போட்டுக் காட்டுவது. குழந்தை சிரித்தபடி 'அப்பா முதலை மாதிரி பேசுது' என்றால் சரி. போனை விட்டு நகர்ந்து உட்கார்ந்தால் அந்த வரியைத் திரும்பப் பேசுங்கள்.

குரல் விஷயத்தில் இன்னொன்று. கோமாளிக்கு மெட்ராஸ் பாஷை, திருடனுக்கு உடைந்த இந்தித் தமிழ் என்று நம் வாய் தானாகப் போகும். சினிமா பழக்கம். எஸ்டேட்டில் உங்களோடு வேலை பார்க்கிற ஒடிசாக்காரர் பக்கத்து போர்ஷனில் குடியிருக்கிறார். உங்கள் பெண் அவரை அண்ணா என்கிறாள். நரி அவர் மாதிரி பேசுவதை ஒரு தடவை சொன்னால் அது வேடிக்கை. பதிவு தினமும் சொல்லும்.

இந்த 'தினமும்'தான் நான் சொல்ல வந்தது. கதை முடிந்ததும் எல்லாரும் என்ன சொல்கிறோம்? 'சமத்தாத் தூங்கு. அப்பா நாளைக்கு வந்துடுவேன்.' சொன்ன நாளில் அது உண்மை. ஞாயிற்றுக்கிழமை பேசினீர்கள், திங்கட்கிழமை லீவு. குழந்தை அதே பதிவைப் புதன்கிழமை கேட்கிறது, அடுத்த மாசமும் கேட்கிறது. பிள்ளைகள் ஒரே கதையை முப்பது தடவை கேட்கிற ஜாதி. ஒவ்வொரு ராத்திரியும் அதே குரல் அதே சத்தியத்தைப் பண்ணுகிறது. ஒவ்வொரு காலையிலும் அது பொய்யாகிறது. நீங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் குரல் முப்பது பொய் சொல்லிவிட்டது. அதற்கு யார் பொறுப்பு?

நீங்கள்தான், என்கிறேன் நான். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் என்று தெரிந்தேதான் பேசுகிறீர்கள். எல்லையில் இருக்கிற ஜவானுக்கு இது இன்னும் கனமான விஷயம். அவர் 'சீக்கிரம் வந்துடுவேன்' என்பதைப் பதிவில் வைக்கவே கூடாது. அதை நேரடி போன் பேச்சுக்கு வைத்துக்கொள்ளட்டும். அங்கே குழந்தை 'எப்போ?' என்று திருப்பிக் கேட்க முடியும். அதனால் எழுதி முடித்ததும் பேனாவை எடுத்து இன்று, நாளை, நேற்று, சீக்கிரம் என்று வருகிற எல்லாவற்றையும் அடியுங்கள். எந்த நாளில் கேட்டாலும் உண்மையாக இருக்கிற வரி மட்டும் மிஞ்சட்டும். 'இதை உனக்காகப் பேசினேன்' என்பது எந்த நாளும் உண்மை.

இதற்குத் தம்பி மாதிரி இன்னொரு பொய் இருக்கிறது. டி.வி.யில் கார்ட்டூன் பொம்மை பிள்ளைகளைக் கேள்வி கேட்டுவிட்டு, ரெண்டு விநாடி கழித்து 'சரியாச் சொன்னே!' என்று குதிக்கும். யாரும் எதுவும் சொல்லியிருக்காது. கேள்வி கேளுங்கள், அஞ்சு விநாடி இடமும் விடுங்கள், குழந்தைக்குப் பிடிக்கும். ஆனால் காதில் விழுந்த மாதிரி நடிக்காதீர்கள்.

அப்பா: குரங்கு பொய் சொன்னது சரியா, தப்பா? (5 விநாடி) நீ சொன்னது இந்தப் போன்ல எனக்குக் கேக்காது. என்னைப் பார்க்கும்போது சொல்லு.

பார்க்கும்போது, அவ்வளவுதான். நாள் குறிக்கவில்லை. ஷூ தேடுகிற அந்தப் பத்து நிமிஷத்தில் பதில் வந்து நிற்கும். அப்போது நீங்கள் கேட்டாக வேண்டும், அது வேறு கதை.

ரெக்கார்டிங் சமாசாரம் கொஞ்சம்தான். ஃபேனை நிறுத்துங்கள். உங்களுக்குக் கேட்காத ஃபேன் சத்தம் பதிவில் மழை மாதிரி கேட்கும். போனை வாய்க்கு நேராக அல்லாமல் ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு 'பாப்பா'வும் டப் டப் என்று வெடிக்கும். தண்டவாளத்துப் பக்கம் வீடு என்றால் அரக்கோணம் லோக்கல் கடந்து போகும்வரை பொறுங்கள். தடுமாறிய இடம் ஒன்றிரண்டு இருந்தால் வெட்ட வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு உங்கள் தடுமாற்றம் தெரியும். கதையின் கடைசிப் பக்கத்தைச் சத்தம் குறைத்து, வேகம் குறைத்துப் படியுங்கள். 'இவ்வளவுதான் கதை' என்று சொல்லிவிட்டு, போனை உடனே நிறுத்தாமல் ஒரு அரை நிமிஷம் சும்மா ஓட விடுங்கள். அந்த மௌனமும் பதிவாகட்டும். இல்லாவிட்டால் குழந்தை கண் மூடுகிற நேரத்தில், போனில் அடுத்ததாக இருக்கிற குத்துப்பாட்டு தானாக ஆரம்பித்துவிடும்.