ஒற்றை நட்சத்திரமும் கேஸ் ஷீட்டும்

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜிலிருந்து உள்ளூர், கேசவதாசபுரம் வழியாகப் பட்டம் வரும் சாலையில் கிளினிக்குகளுக்கும் ஸ்கேன் சென்டர்களுக்கும் குறைவில்லை. நகரத்தார் மட்டுமல்ல, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் காலை ரயிலில் வந்து இறங்குகிறார்கள். எந்த டாக்டரிடம் போவது என்று முன்பு உறவுக்காரர்களைக் கேட்டவர்கள் இன்று கைபேசியில் நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள். அதனால் ஒற்றை நட்சத்திரத்தோடு வரும் ஒரு கூகுள் ரிவ்யூ, சிறிய கிளினிக் நடத்தும் மருத்துவரின் தூக்கத்தைக் கெடுத்துவிடுகிறது.

கற்பனையாக ஒன்றை வைத்துக்கொள்வோம். பட்டத்தில் ஒரு பல் மருத்துவமனை. பள்ளி ஆசிரியை ஒருவர் இப்படி எழுதுகிறார்: “ரூட் கெனாலுக்கு ஆறாயிரம் வாங்கினார்கள். இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள். இன்னும் வலி போகவில்லை.” அன்றிரவே மருத்துவர் பதில் போடுகிறார்: “நான்கு முறை வரச் சொன்னோம், நீங்கள் இரண்டு முறைதான் வந்தீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்று முதல் நாளே சொன்னோம். பாக்கி ஆயிரத்து ஐநூறு ரூபாயை இன்னும் தரவில்லை.”

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்றே கொள்வோம். சிக்கலே அங்குதான் இருக்கிறது. பொய்யாக இருந்தால் தவறு என்று யாரும் சொல்லிவிடலாம். இங்கே ஒவ்வொரு வரியும் உண்மை, ஒவ்வொன்றும் கேஸ் ஷீட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பெண்மணிக்குச் சர்க்கரை நோய் இருப்பது அவருடைய சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம். பணப் பாக்கி பள்ளிக்கூடத்தில் உடன் வேலை செய்பவர்களுக்குத் தெரியாது. ரிவ்யூவில் அவர் எழுதியது மூன்று செய்திகள். பதிலில் மருத்துவர் சேர்த்தது வேறு மூன்று. முதல் மூன்றை ஊரறியச் சொல்ல நோயாளி முடிவு செய்தார். அடுத்த மூன்றைச் சொல்ல அவர் முடிவு செய்யவில்லை.

‘அவரே வெளியில் சொல்லிவிட்டாரே, இனி என்ன ரகசியம்?’ என்பதுதான் மருத்துவர்கள் வழக்கமாக வைக்கும் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரகசியம் நோயாளியுடையது. மருத்துவர் அதைக் காத்து வைத்திருப்பவர் மட்டுமே. சொந்தக்காரர் தன் விஷயத்தில் ஒரு பங்கை வெளியில் சொன்னால், காத்து வைத்திருப்பவருக்கு மீதியையும் எடுத்து வீசும் உரிமை வந்துவிடுவதில்லை. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 7.14 இதைப் பற்றியது. தொழில் வழியாக அறிந்த நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்று சொல்லி, அது மூன்று விலக்குகளைத் தருகிறது: நீதிபதியின் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ உள்ள கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள். மருத்துவரின் நற்பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாவது விலக்கு எவ்வளவு கனமானது என்பதற்குச் சென்னை மருத்துவமனை ஒன்றிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கைப் பார்க்கலாம். ஒருவருக்கு எச்ஐவி இருப்பது வெளியே தெரிந்து அவருடைய திருமணம் நின்றுபோனது. மருத்துவமனைமீது அவர் தொடுத்த வழக்கில் 1998-இல் தீர்ப்பு வந்தது. அந்தரங்க உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், மணமகளாக வரவிருந்த பெண்ணின் உயிரும் உடல்நலமும் அதைவிடப் பெரியவை என்றது. ரகசியத்தை விட்டுக்கொடுக்க எதிர்த்தட்டில் ஒரு உயிர் வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் காக்க வைத்ததாக எழுதிய ரிவ்யூ அந்தத் தட்டில் ஏறாது.

ரிவ்யூவுக்கு எழுதிய பதிலுக்காகவே பணம் கட்ட நேர்ந்த நிகழ்வுகள் அமெரிக்காவில் பதிவாகியுள்ளன. 2019-இல் டல்லாஸ் நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்று பத்தாயிரம் டாலர் கட்டியது. யெல்ப் தளத்தில் குறை எழுதியவரின் குடும்பப் பெயரையும் உடல்நிலையையும் அது பதிலில் சொல்லியிருந்தது. வட கரோலினாவின் சார்லட் நகரத்தில் நடந்தது இதைவிடப் பாடம் தருவது. அங்கே நோயாளி புனைபெயரில்தான் எழுதியிருந்தார். பதில் எழுதிய பல் மருத்துவமனை அவருடைய முழுப் பெயரையும் போட்டு, எத்தனை முறை வந்தார் என்பது வரை எழுதியது. 2022-இல் அபராதம் ஐம்பதாயிரம் டாலர். அடுத்த ஆண்டு நியூ ஜெர்சியில் ஒரு மனநல மையம், குறை எழுதியவரின் மனநோய் விவரத்தைப் பதிலில் சொன்னதற்காக முப்பதாயிரம் டாலர் கட்ட நேர்ந்தது. மூன்றிலும் ஒரே கதைதான்: கோபத்தில் எழுதிய சில வரிகள், அதற்குமுன் யாரும் தேடிப் படித்திராத ஒரு குறையை அரசு ஆவணத்தில் ஏற்றின.

பெயரைப் போடாவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. ‘மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஆசிரியை, போன ஓணத்துக்கு மறுநாள்’ என்று எழுதினால் பெயர் தேவையே இல்லை. இன்னும் நுட்பமான பொறி ஒன்று இருக்கிறது. ‘உங்கள் பெயரில் எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை, இது போலி ரிவ்யூ’ என்று சில கிளினிக்குகள் எழுதுகின்றன. போலிகளும் போட்டிக்காரர்களும் எழுதுவது உண்மைதான். ஆனால் போலிக்கு இப்படிப் பதில் எழுதும் கிளினிக், இன்னொரு ரிவ்யூவுக்கு அப்படி எழுதாமல் விட்டால், அவர் நோயாளிதான் என்று ஒப்புக்கொண்டதாகிறது. கருக்கலைப்பு, மனநலம், குழந்தைப்பேறு, தோல் நோய் பார்க்கும் இடங்களில் ‘இவர் இங்கே வந்தார்’ என்பதே முழு ரகசியம். ஆகவே வந்தாரா இல்லையா என்பதை எந்தப் பதிலிலும் சொல்லாதிருப்பது ஒன்றே பாதுகாப்பு. பாராட்டி எழுதியவருக்கும் இதே விதிதான். ‘உங்கள் ஐவிஎஃப் வெற்றிக்கு வாழ்த்துகள்’ என்ற அன்பான பதிலும் அதே மீறல்.

அப்படியானால் என்னதான் எழுதுவது? பதிலைப் படிக்கப்போவது பெரும்பாலும் குறை எழுதியவர் அல்ல, அடுத்து வரப்போகிறவர். அவருக்கு வேண்டியது இந்த இடம் எப்படி நடக்கிறது என்ற செய்தி. இன்னொருவரின் பற்களின் வரலாறு அல்ல. பட்டத்து மருத்துவர் இப்படி எழுதியிருக்கலாம்: “யாருடைய சிகிச்சையைப் பற்றியும் பொதுவில் பேச எங்களுக்கு அனுமதி இல்லை, ஒருவர் இங்கே வந்தாரா என்பதையும் நாங்கள் சொல்வதில்லை. பொதுவாக ரூட் கெனால் செய்யும் முன் மொத்தச் செலவை எழுதிக் கொடுக்கிறோம். சிகிச்சைக்குப் பின் வலி நீடித்தால் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். மாலை நேரத்தில் நெரிசல் இருக்கிறது, டோக்கன் முறையை மாற்றிக்கொண்டிருக்கிறோம். குறை உள்ளவர்கள் வரவேற்பில் கேட்டால் மருத்துவர் நேரில் பேசுவார்.” இதில் யாரையும் பற்றி ஒரு தகவலும் இல்லை, வழக்கம் மட்டுமே இருக்கிறது. ஆனால் எழுதிக் கொடுக்கும் வழக்கமும் டோக்கன் மாற்றமும் மெய்யாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ரகசியம் காத்த பதில் பொய் சொன்ன பதிலாகிவிடும். பிரிட்டனின் பொது மருத்துவ கவுன்சிலும் இதை ஒட்டியே வழிகாட்டுகிறது: ஊடகத்தில் குறை வந்தால் ரகசியம் காக்கும் கடமையை விளக்கலாம், வழக்கமான நடைமுறையைப் பொதுவாகச் சொல்லலாம், நோயாளி சம்மதிக்காமல் அவருக்கு அளித்த சிகிச்சையைச் சொல்லக் கூடாது.

பதில் எழுதும் வேலையைப் பல கிளினிக்குகள் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆட்களிடம் கொடுத்துவிடுகின்றன. ‘நடந்தது என்ன?’ என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்க, வரவேற்பிலிருந்து ஓபி சீட்டின் படம் போகிறது. பொதுவில் ஒரு வரி ஏறுவதற்கு முன்பே ரகசியம் ஒரு முறை வெளியே போயாகிவிட்டது. இது கண்ணில் படாத மீறல் என்பதால்தான் கூடுதல் ஆபத்து. ‘ரிவ்யூவை எடுத்துவிட்டால் பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்ற பேரமும் அப்படித்தான். திருப்பித் தர வேண்டிய பணம் என்றால் நிபந்தனை இல்லாமல் தர வேண்டும். மௌனத்துக்கு விலையாகத் தந்தால் அடுத்த நோயாளி ஏமாற்றப்படுகிறார்.

இத்தனைக்கும் பிறகு மருத்துவரின் மனக்குறை தீராது. அவரைத் திட்டியவர் எதையும் சொல்லலாம், அவர் மட்டும் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். இது சமமற்ற நிலைதான், மழுப்பத் தேவையில்லை. ஆனால் நோயாளி ஆடையைக் களைந்து, பழக்கங்களைச் சொல்லி, மயக்க ஊசிக்குக் கையை நீட்டியதும் சமமற்ற நிலையில்தான். அங்கே கிடைத்த தகவலைச் சண்டையில் எடுத்தால், அடுத்தவர் குடிப்பழக்கத்தை மறைத்துவிட்டு மயக்க மருந்துக்குப் படுப்பார். மருத்துவர் தன் தரப்பைச் சொல்ல இடம் இல்லாமலும் இல்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் சாந்தா வழக்கில் கட்டணச் சிகிச்சையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நுகர்வோர் ஆணையத்திலும் மருத்துவ கவுன்சிலிலும் கேஸ் ஷீட்டை மேசைமேல் வைக்கலாம்; அங்கே அதைப் படிப்பவர்கள் படிக்கக் கடமைப்பட்டவர்கள். கேரள உயர் நீதிமன்றமும் 2025 நவம்பரில், மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தை உறுதி செய்த தீர்ப்பில், ஒவ்வொரு மருத்துவமனையிலும் குறைதீர் மேசை வேண்டும், புகாருக்கு எண் கொடுத்து ஒப்புகை தர வேண்டும் என்றது. ரிவ்யூ எழுதுவதற்கு முன்னால் போய் நிற்க ஓரிடம் இருந்தால் பாதி ரிவ்யூக்கள் எழுதப்படாமலே போகலாம்.

மிகக் கடினமான நிலை அரசு மருத்துவமனையில் வருகிறது. அதே நவம்பரில் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் ஒருவர் இறந்தார். தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று அவர் முன்பே அனுப்பிய குரல்பதிவு கேரளம் முழுக்கப் பரவியது. சிகிச்சையில் குறை இல்லை என்று மருத்துவமனைத் தரப்பு ஊடகங்களுக்கு அவருடைய நோய்நிலையை முன்வைத்து விளக்கம் சொன்னது. இது கிளினிக் ரிவ்யூ அல்ல. மக்கள் பணத்தில் நடக்கும் இடம், போன உயிர், அரசு பதில் சொல்லியே ஆக வேண்டிய குற்றச்சாட்டு. அப்போது வாய் மூடியிருப்பது மூடி மறைப்பதாகவே தெரியும். ஆனாலும் எதைச் சொல்வது என்பதில் தேர்வு இருந்தது. வார்டில் எத்தனை படுக்கை, தரையில் எத்தனை பேர், இதய நோயாளி வந்தால் ஆஞ்சியோகிராமுக்கு எந்த வரிசையில் அழைப்பார்கள், இரவுப் பணியில் எத்தனை மருத்துவர்கள் என்பதையெல்லாம் மருத்துவமனை தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அவை மக்களுடைய தகவல்கள். இறந்தவரின் பரிசோதனை முடிவுகள் அப்படியல்ல. இறப்போடு ரகசியக் கடமை முடிந்துவிடுவதில்லை, மறுத்துப் பேச அவரும் இல்லை. அந்த முடிவுகள் விசாரணைக் குழுவுக்கு முழுமையாகப் போக வேண்டியவை; குடும்பத்துக்கும் கேட்ட உடனே நகல் தர வேண்டியவை. 2002 விதிகள் அதற்கு 72 மணி நேரக் கெடு வைத்திருக்கின்றன. ஒலிவாங்கிகளுக்கு முன்னால் அவற்றைப் படிப்பதா வேண்டாமா என்பதைக் குடும்பம் முடிவு செய்திருக்கலாம்.