அரைப் பவுனுக்கு ஈடு

பாவூர்சத்திரத்துக் கல்யாண வீடுகளில் பந்தல் வாசலில் மேசை போட்டு ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். வருகிறவர் ஊரையும் பேரையும் சொல்ல, அவர் எழுதிக்கொள்வார். சில வீடுகளில் மைக்கில் வாசிப்பதும் உண்டு. அந்த நோட்டை விசேஷம் முடிந்ததும் யாரும் தூக்கிப் போடுவதில்லை. பீரோவில் பத்திரத்தோடும் ரேஷன் கார்டோடும் சேர்ந்து இருக்கும். அடுத்த வீட்டுப் பத்திரிகை வந்ததும் அதை எடுத்துப் புரட்டி, அவர்கள் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்து, அதற்குமேல் கொஞ்சம் கூட்டிச் செய்வோம். செய்முறை என்று நாம் சொல்வது இதைத்தான். ஐந்நூறுக்கு ஐந்நூறே வைத்தால் கணக்கை முடித்துக்கொள்கிறோம் என்று பொருள்படும். நூறு கூட வைத்தால், இன்னும் தொடர்வோம் என்று சொல்வதாகும்.

ஐந்நூறை எதிர்பார்த்த இடத்தில் அரைப் பவுன் வந்தால்தான் இந்த ஏற்பாடு திணறுகிறது. திருப்பிச் செய்யாவிட்டால் உறிஞ்சிக்கொண்டவள் ஆகிறோம். அவசரமாகத் திருப்பினால் அவள் கொடுத்ததை மறுத்தது போலாகிறது. கூடுதலாகச் செய்தால் அவளைக் கடனாளியாக்குகிறோம். எவ்வளவு செய்வது சரி என்பது மரியாதை சார்ந்த கேள்வியாகத் தெரியும். எனக்கு அது நீதி சார்ந்த கேள்வியாகவே படுகிறது. ஏனென்றால், கொடுப்பவள், வாங்குபவள் இருவருக்குமே அதில் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பு நோட்டில் ஏறுவதில்லை.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். 2021 தை மாதம் என் மகளுக்குச் சடங்கு வைத்தோம். எங்கள் தெருவில் பீடி சுற்றும் மதினி ஒருத்தி வந்தாள். மதினி என்பது ரத்த உறவால் அல்ல, தெரு வழக்கத்தால். அவள் வீட்டு விசேஷத்துக்கு நான் முன்பு ஐந்நூறு ரூபாய் வைத்திருந்தேன். அவள் என் மகள் விரலில் அரைப் பவுன் மோதிரத்தைப் போட்டாள். அப்போது பவுன் ஏறக்குறைய 38 ஆயிரம். செய்கூலி சேர்க்காமலே மோதிரம் சுமார் 19 ஆயிரம். நோட்டில் அவள் வீட்டுக்காரர் பேரைப் போட்டு, பக்கத்தில் ‘மோதிரம் 1’ என்று எழுதியிருந்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க அதிக நாள் ஆகவில்லை. தெருவில் இருபது பெண்கள் சேர்ந்து மாதம் ஆயிரம் ரூபாய்ச் சீட்டு நடத்தினார்கள். மதினி பத்தாம் மாதச் சீட்டை எடுத்திருந்தாள். நடத்துகிறவளின் கழிவு போகக் கையில் வந்தது அப்படியே நகைக்கடைக்குப் போயிருக்கிறது. இன்னும் பத்து மாதத் தவணை பாக்கி. அதாவது மாசியில் தொடங்கிக் கார்த்திகை வரைக்கும், மடியில் தட்டை வைத்து இலை வெட்டித் தூள் வைத்துச் சுற்றிய கூலியிலிருந்து, ஏற்கெனவே கொடுத்துவிட்ட பரிசுக்கு அவள் பணம் கட்ட வேண்டும். பரிசு எனக்கு ஒரே நாளில் வந்தது. அவளிடமிருந்து அது இருபது மாதமாகப் போய்க்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நம் இலக்கியத்தில் உள்ள ஒரு சொல் உதவுகிறது: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவது. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி, அறுவடையானதும் அதே படியால் அளந்து கொடுப்பதைப் போல. இல்லாதவருக்குத் தருவது மட்டுமே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையுடையது என்கிறார் வள்ளுவர். வாசிக்கும்போது அதில் ஓர் இளக்காரம் தொனிப்பது போலிருக்கும். ஆனால் புறநானூற்றின் 163ஆம் பாட்டுக்கு வாருங்கள். குமணனிடம் பெருஞ்செல்வம் பெற்றுவந்த பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் பேசுகிறார். உன்னை விரும்புகிறவர்களுக்கும் நீ விரும்புகிறவர்களுக்கும் கொடு, உன் சுற்றத்து மூத்த பெண்களுக்குக் கொடு, நம் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும் கொடு. என்னைக் கேட்க வேண்டாம், சேர்த்துவைத்து வாழலாம் என்றும் எண்ண வேண்டாம் என்கிறார்.

வகுப்பில் இதைப் பாடமாக நடத்தும்போது குமணனின் வள்ளன்மையைச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது வழக்கம். நான் அந்தப் பட்டியலில் நிற்கச் சொல்வேன். புலவர் பரிசில் தேடி அலைந்த காலமெல்லாம் அந்த வீட்டு அடுப்பு எதனால் எரிந்தது? அரசன் தரும் யானையாலும் பொன்னாலும் அல்ல. அக்கம்பக்கத்துப் பெண்கள் அளந்து தந்த கடனால். அந்தக் கடன் யாரிடம், எத்தனை படி என்பது புலவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மனைவிக்குத் தெரியும். அதனால்தான் கொடுக்கும் பொறுப்பு அவளிடம் போகிறது. கொடை பாட்டில் ஏறியது, குறியெதிர்ப்பை ஒரு வரியில் ஒதுங்கியது. பெண்களுக்கிடையிலான கொடுக்கல் வாங்கல் பதிவில்லாமல் போவது இன்று நேற்று நடப்பதல்ல.

வெளியுலகிலும் இதற்குச் சான்று உண்டு. டிரோபிரியாண்ட் தீவுகளின் பரிமாற்றங்களை மாலினோவ்ஸ்கி விரிவாக எழுதினார். ஆண்கள் கடல் கடந்து மாற்றிக்கொண்ட சங்கு அணிகள் அவரால் புகழ்பெற்றன. அதே தீவுக்குப் பிற்பாடு போன அன்னெட் வெய்னர், இறப்புச் சடங்குகளில் பெண்கள் வாழையிலைக் கட்டுகளைக் குவித்துப் பங்கிடுவதைப் பார்த்தார். அதைப் பற்றிய அவருடைய நூல் 1976இல் வந்தது. அந்தக் கட்டுகளுக்குப் பின்னால் பெண்களின் உழைப்பும் உறவுக் கணக்கும் இருந்தன. முன்னவர் கண்ணில் அவை பெரிதாகப் படவில்லை.

மதினியின் மோதிரத்துக்கு வருவோம். எவ்வளவு திருப்புவது என்று யோசிக்குமுன் வேறொன்றைக் கேட்க வேண்டியிருந்தது: இந்தப் பரிசு தொடக்கமா, பதிலா? நான் அவளிடம் நேராகவே கேட்டேன், ஏன் மதினி இவ்வளவு என்று.

“என்ன டீச்சர் இப்படிக் கேக்கிய? பி.எப். தாளு நீங்கதான எழுதித் தந்திய. பிள்ளைக்கு உதவித்தொகை வந்ததும் உங்க கையெழுத்துலதான. அதுக்கு நான் என்ன தந்தேன்? இதத் திருப்பிக் கொண்டாந்து நீட்டிராதிய” என்றாள்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை மூன்று வருடம் எழுதிக்கொடுத்தது எனக்கு ஒரு மாலை வேலை. அவளுக்கு அது மகளின் படிப்பு. என் நோட்டில் இல்லாத வரவு அவள் மனத்தில் எழுதப்பட்டிருந்தது. நான் கடன் என்று நினைத்தது அவள் பார்வையில் கடன் தீர்த்தல். உதவிக்கு அளவு அந்த உதவியில் இல்லை, பெற்றவரின் பண்பில் இருக்கிறது என்று வள்ளுவர் செய்ந்நன்றியில் சொல்வது மதினியிடம் நடந்தது. ஆகவே உடனே ஒரு பதில் பரிசு வாங்கிக்கொண்டு ஓடினால், நீ எனக்குப் பதில் செய்யத் தகுதியில்லாதவள் என்று சொல்வதாகும். வசதியுள்ளவர்கள் ஏழைகளிடம் அடிக்கடி செய்வது இது. கொடுத்துக்கொண்டே இருப்போம், வாங்கிக்கொள்ள மாட்டோம்.

அதற்காக மோதிரத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு மறந்துவிடலாமா? முடியாது. தவணை பாக்கி இருப்பது எனக்குத் தெரியும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961, கேட்காமல் தரும் திருமணப் பரிசுகளைப் பட்டியலிட வேண்டும் என்கிறது. பெண் வீட்டார் தரப்பில் தருபவை வழக்கத்தை ஒட்டியிருக்க வேண்டும், தருபவரின் வசதிக்கு மீறியிருக்கக் கூடாது என்கிறது. மதினியின் பரிசு அந்தச் சட்டத்துக்குள் வருவதல்ல. ஆனால் அளவுகோலை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்: மிகை எது என்பதைப் பொருளின் விலை சொல்லாது, தருபவளின் கை சொல்லும்.

மதினி மகளுக்கு 2025 ஐப்பசியில் கல்யாணம் வந்தது. அதற்குள் பவுன் 90 ஆயிரம் அளவுக்கு ஏறியிருந்தது. என் முன்னால் இரண்டு வழிகள். அன்றைய விலையான 19 ஆயிரத்தைத் திருப்பினால் இரண்டு கிராம் தங்கம்கூட அவளுக்கு வராது. எடைக்கு எடை என்றால் நான்கு கிராம், எனக்கு 45 ஆயிரத்துக்குக் குறையாது. ரூபாயில் பார்த்தால் இரண்டாவது வழி இரு மடங்கு போலத் தோன்றும். ஆனால் பீடி சுற்றும் பெண்ணுக்குத் தங்கம் நகை மட்டுமல்ல, அடகு வைக்கக்கூடிய சேமிப்பு. மோதிரத்தை எனக்குத் தராமல் தன் மகளுக்கென்று வைத்திருந்தால் இன்று அவளிடம் நான்கு கிராம் இருந்திருக்கும். ஆகவே நான்கு கிராம்தான் சமம். குறியெதிர்ப்பையில் படிக்குப் படி என்பது இதுதான்; அரிசி விலை ஏறினாலும் படி மாறாது.

அதற்குமேல் கூட்ட வேண்டாமா? வழக்கம் கேட்கிறது, என் சம்பளமும் இடம் கொடுக்கும். ஒரு பவுன் செய்திருக்கலாம், தெருவே பேசியிருக்கும். ஆனால் அடுத்து என் வீட்டுப் பத்திரிகை போகும்போது மதினி நோட்டைப் பார்ப்பாள். எட்டு கிராமுக்குமேல் கொஞ்சம் கூட்ட இன்னொரு சீட்டு, இன்னொரு இருபது மாதம். என் தாராளத்தின் தவணையை அவள் கட்டுவாள். எனவே திருப்பிச் செய்வதற்குக் கீழ்வரம்பு அவள் இழந்தது; மேல்வரம்பு அவள் தாங்கக்கூடியது. என்னால் முடிந்தது எவ்வளவு என்பது அந்த இரண்டுக்கும் இடையில்தான் பேச வேண்டும். நன்றிக்கு வரம்பு தேவையில்லை, செய்முறைக்குத் தேவை.

நான்கு கிராமை மகள் பேருக்கு, கல்யாணத்துக்கு முந்தின வாரமே வீட்டில் வைத்துக் கொடுத்தேன். பந்தலில் ஆயிரம் ரூபாய் மட்டும் எழுதினேன், என் பேரில். மோதிரத்தைத் தன் நோட்டில் மதினி பேருக்கு நேராக எழுதச் சொன்னேன், வீட்டுக்காரர் பேருக்கு அல்ல. உபரியாக நான் தந்தது நான்கு நாள் விடுப்பும், அந்த வீட்டு அடுப்படியில் என் இரண்டு கையும்.

அளவு தவறிவிட்டதா என்பதை அறிய நோட்டு உதவாது. அவள் நடத்தையைத்தான் பார்க்க வேண்டும். கறிவேப்பிலை கேட்டு வருவது நின்றால், திண்ணையில் உட்காராமல் வாசலோடு பேசிவிட்டுப் போனால், நம் பிள்ளையை உரிமையோடு திட்டுவது குறைந்தால், நாம் அதிகம் செய்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம். குறைவாகச் செய்தாலும் இதே அடையாளங்கள்தான் வரும்; ஆனால் அப்போது மூன்றாம் ஆள் வழியாக ஒரு சொல் நம் காதுக்கு வந்து சேரும். அதிகமானால் அந்தச் சொல்கூட வராது. வாயடைத்துப் போயிருப்பாள்.

இந்தக் கணக்கு செல்லாத இடமும் ஒன்று உண்டு. வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் ஆய்வு மாணவி கொண்டுவரும் பட்டுப் புடவைக்கு எவ்வளவு திருப்பலாம் என்று கேட்கவே கூடாது. அவள் எதிர்பார்ப்பது, அல்லது எதிர்பார்க்கும்படி நாம் வைத்திருப்பது, கையெழுத்து. அங்கே சரியான அளவு, வாங்காமல் இருப்பது மட்டுமே. திருப்பித் தர நம்மிடம் இருப்பது நமக்குச் சொந்தமானதா, இல்லை பதவிக்குச் சொந்தமானதா என்று பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

மற்ற இடங்களில் நோட்டைத் திறக்குமுன், அதில் எழுதப்படாமல் போனது என்ன என்று ஒருமுறை யோசியுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பகல்கள், ஆஸ்பத்திரியில் துணைக்கிருந்த இரவுகள், எழுதிக்கொடுத்த தாள்கள். உங்களை மலைக்க வைத்த அந்தப் பெரிய பரிசு, நீங்கள் எப்போதோ கொடுத்து மறந்த ஒன்றுக்கு அவள் எண்ணி எண்ணிச் சேர்த்த பதிலாக இருக்கலாம். அப்படியானால் முதலில் செய்ய வேண்டியது அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வது.