எவ்வளவு முடிந்தது?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்தபின் ஆலய முன்றலில் ஒரு காரை மந்திரிக்கும்படி அழைத்தார்கள். கார் புதியதன்று. முன்பு வேறொருவர் ஓட்டியது. வாங்கியவர் ஓர் ஆசிரியர். 22 ஆண்டுகளாய்ச் சைக்கிளிலேயே பள்ளிக்குப் போய்வந்தவர். அவர் குடும்பத்தில் எவரும் சொந்தமாக ஒரு வாகனம் வைத்திருந்ததில்லை. மனைவியும் இரு பிள்ளைகளும் ஆலயத்துக்குப் போட்டு வரும் உடுப்போடு காரைச் சுற்றி நின்றார்கள்.

தீர்த்தம் காயுமுன்னே நண்பர்கள் கூடிவிட்டார்கள். "எவ்வளவு முடிஞ்சுது மாஸ்டர்?" என்றார் ஒருவர். "காசுக்கோ, லீசிங்கோ?" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் இலக்கத்தகட்டைக் குனிந்து பார்த்து, எழுத்தை வைத்து எந்த ஆண்டில் பதிவானதென்று கணக்கிட்டு, தாம் இதைவிடப் பிந்திய எழுத்தில் ஒன்றை அந்த நாளில் என்ன விலைக்கு எடுத்தார் என்று சொன்னார். "உமக்கென்ன, தம்பி வெளியில" என்றொரு குரல். "எங்களுக்கெங்க இதெல்லாம்" என்று மற்றொரு குரல். நானும் சும்மா நிற்கவில்லை. "இனி ஆலயக் கட்டிட நிதிக்கும் கொஞ்சம் கூட்டித் தரலாம்" என்று பகிடி விட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்தார்.

அடுத்த மூன்று ஞாயிறும் அவர் சைக்கிளிலேயே வந்தார். மனைவியும் பிள்ளைகளும் பின்னால் நடந்து வந்தார்கள். கார் பழுதோ என்று கேட்டேன். காரணத்தை அவர் மனைவிதான் சொன்னார். (பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, அறைவீட்டு விறாந்தையில். இதை எழுத இருவரின் சம்மதமும் உண்டு.) "அதை வெளியில எடுத்தால் ஆரோ கணக்குக் கேக்கிற மாதிரி இருக்காம் சுவாமி."

அன்று பேசியவர்களில் எவரும் கெட்டவரல்லர். அவர்கள் அவருடைய நண்பர்கள். அப்படியாயின் தவறு எங்கே நிகழ்ந்தது?

அழுக்காறு தூரத்திலுள்ளவர்மேல் எழுவதில்லை என்று அரிஸ்டோட்டில் கண்டார். காலத்தாலும் இடத்தாலும் வயதாலும் பெயராலும் நமக்கு அண்மையில் இருப்பவர்மேல்தான் அது எழுகிறது. ஒருவன் கடலுக்கப்பால் ஒரு கோடீசுவரன் வாங்கிய கப்பலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஒரே வகுப்பில் படித்தவன் வாங்கிய கார்தான் அவன் நித்திரையைக் கெடுக்கிறது. புனித தோமஸ் அக்குவினாஸ் இக்கருத்தை எடுத்து மேலும் துலக்கினார். பிறனுடைய நன்மை என் மதிப்பைக் குறைக்கிறது என்று எண்ணி அதற்காகத் துக்கப்படுதலே அழுக்காறு என்பது அவர் விளக்கம். அந்தத் துக்கம் தோன்றுமுன் மனம் ஓர் அளவுகோலைத் தேடுகிறது. விலையைப் போல் கைக்கெட்டும் அளவுகோல் வேறில்லை. ஆகவே விலை கேட்பவர் எல்லாரும் பொறாமைக்காரர் என்று சொல்ல வரவில்லை. பொறாமை வருவதானால் முதலில் எந்த வாசலில் வந்து நிற்கும் என்பதையே சொல்கிறேன்.

நம் நாட்டில் இக்கேள்விக்குத் தனியான ஒரு கூரும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடித் தேய்ந்த வண்டிகளின் விலையும் ஏறிற்று. அதற்குமுன் வாங்கியவர் தம் விலையைச் சொல்லும்போது, பின் வாங்கியவர் ஏமாந்தவர்போல் நிற்கவேண்டியதாகிறது. சேமிப்பு, சீட்டுக் காசு, மனைவியின் நகை, மாதாமாதம் கட்டவேண்டிய தவணை என்று பலவும் சேர்ந்தே அந்தத் தொகை வந்திருக்கும். "எவ்வளவு?" என்ற ஒரு சொல்லுக்கு விடையிறுக்க அவர் தம் வீட்டு அலுமாரியையே முற்றத்தில் திறந்து காட்டவேண்டும். "தம்பி வெளியில" என்றவர் 22 ஆண்டு மிதித்த சைக்கிளையும் சேர்த்து அழித்துவிட்டார். உண்மையில் தம்பி ஒரு சதமும் அனுப்பவில்லையாம்.

"எங்களுக்கெங்க" என்பது தாழ்மையான பேச்சாகத் தோன்றும். ஆனால் அதுவும் தராசுதான். பேசுபவர் தாமே தாழ்ந்த தட்டில் ஏறி நின்றுகொள்கிறார். அதைக் கேட்ட ஆசிரியர் உடனே, "இது பழசு, அடிக்கடி கராஜுக்குப் போகும்" என்று தம் காரைத் தாமே பழித்துப் பேசத் தொடங்கினார். தாம் வாங்கிய நன்மைக்கு ஒருவர் மன்னிப்புக் கேட்கும்படி செய்துவிடும் பேச்சை வாழ்த்து என்று எப்படிச் சொல்வது? "நல்ல மலிவாய் எடுத்திட்டீர்" என்பதும், "சின்னதெண்டாலும் காணும்" என்பதும், "கடைசியாய் நீரும் வாங்கிப்போட்டீர்" என்பதும் இதே இனத்தவை. கடைசியாகச் சொன்னதிலுள்ள அந்த 'உம்'மைக் கவனியுங்கள். ஊரெல்லாம் வாங்கியபின் என்ற செய்தி முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

துக்கப்படுவோரோடு துக்கப்படுவதையும் மகிழ்வோரோடு மகிழ்வதையும் புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில் சேர்த்தே கேட்கிறார். இவற்றில் மகிழ்வோரோடு மகிழ்வதே கடினமானது என்று புனித யோவான் கிறிசோஸ்தோம் விளக்கம் தருகிறார். அழுபவனைக் கண்டால் கல்நெஞ்சமும் இளகும். பிறனுடைய உயர்வில் இன்பங்கொள்ளவோ பெரிய மனம் வேண்டும். செத்தவீட்டுக்கு அழையாமலே போய் நிற்கிற நம் ஊரவரைக் காணும்போது இது சரியென்றே படுகிறது. அங்கே நமக்கு என்ன சொல்வதென்று தெரியும். பந்தற்கால் நடுவதுமுதல் தேநீர் கொடுப்பதுவரை கைகளுக்கும் வேலை உண்டு. கார் வாங்கிய வீட்டிலோ நாக்கு வேலை தேடி அலைகிறது.

அன்று முன்றலில் ஒரேயொருவர் சரியாகப் பேசினார். அடுத்த ஒழுங்கையில் வசிக்கும் வயோதிப மாது. காரைச் சுற்றிவந்து, கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "தம்பி, பின் சீற்றிலை யன்னல் பக்கம் இருக்கிறது ஆர்?" என்று கேட்டார். பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். போகும்போது மகன், வரும்போது மகள் என்று வீட்டில் ஏற்கெனவே உடன்படிக்கை ஆகியிருந்ததாம். "முதன்முதல் எங்கை போனியள்?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. மழையில் நனையாமல் தாயை மருந்தெடுக்கக் கூட்டிப்போனதை ஆசிரியர் விரிவாகச் சொன்னார். நாங்கள் கார் எவ்வளவு பெறும் என்று பார்த்துக்கொண்டு நிற்க, அவர் அந்தக் கார் யாருக்கு என்ன செய்கிறது என்று பார்த்தார்.

விலையே பேசக்கூடாதா என்று சிலர் கேட்கலாம். வாங்குமுன் ஆலோசனை கேட்டால் விலையைப் பேசுவதே நட்பு. வாய்மூடி இருப்பது துரோகம். வாங்கியபின் அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை. ரயர் தேய்ந்திருப்பதையோ பதிவுப் புத்தகத்தில் பெயர் இன்னும் மாறவில்லை என்பதையோ கண்டால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பத்துப்பேர் நடுவே அல்ல, தனியே. பிறேக் விடயமென்றால் மட்டும் அன்றே, வண்டி முன்றலைவிட்டு வெளிக்கிடுமுன்.

விறாந்தையில் அந்தப் பேச்சு நடந்த மறுநாள் மாலை ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். என்னைச் சந்திவரை காரில் ஏற்றிச் செல்ல முடியுமா என்று கேட்டேன். பிள்ளைகள் ஓடிவந்து பின்னால் ஏறினார்கள். வரும்போதுதான் தன் முறை என்று மகள் தமையனுக்கு நினைவூட்டினாள். வழியில், நான் கேளாமலே, ஆசிரியர் விலையைச் சொன்னார். "ஓ" என்றேன். பிறகு என் பக்கத்து யன்னலை எப்படி இறக்குவதென்று கேட்டேன்.