யாருக்கும் கேட்காத இடது கை

பொங்கல் சமயத்தில் தேக்காவில் ஒரு மேடை. எங்கள் இசைக் குழுவில் டிரம்ஸ் நான். கடைசிப் பாட்டின் முடிவில் ஸ்நேர் டிரம்மில் ஒரு நீண்ட உருட்டு வாசித்தேன். நிமிடத்துக்கு 140 தாளம், ஒவ்வொரு தாளத்துக்கும் நான்கு அடி, அதாவது வினாடிக்கு ஒன்பது அடிக்கு மேல். கூட்டம் கை தட்டியது. கீழே இறங்கியதும் நண்பர்கள் தோளில் தட்டினார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும்: அந்த உருட்டில் என் இடது கை ஒழுங்காக அடிக்கவில்லை. வலது கை ஓட, இடது கை அதன் பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்தது.

யாருக்கும் கேட்காத தவறு, தவறுதானா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

என் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தம்பி, பேட் எடு. 60ல ஒரு நிமிஷம் வாசி, போன்ல ரெக்கார்ட் பண்ணு" என்றார். பேட் என்றால் மரப்பலகை மேல் ரப்பர் ஒட்டிய பயிற்சித் தட்டு. வீவக வீட்டில் டிரம் செட் வைத்து வாசிக்க முடியாது என்பதால் நம்மில் பலருக்கு அதுதான் வாத்தியம். அதன் கீழே ஒரு மடித்த துண்டைப் போடுங்கள். சத்தம் குறைவாக இருந்தாலும், மேசை வழியாகத் தரைக்கு இறங்கும் அதிர்வு கீழ்வீட்டாருக்குப் போகும்.

முதலில் சிங்கிள் ஸ்ட்ரோக் ரோல். வலது, இடது, வலது, இடது. அவ்வளவுதான். 60ல் தாளத்துக்கு நான்கு என்றால் ஒரு நிமிடத்தில் 240 அடி, கைக்கு 120. கேட்கச் சுலபமாக இருக்கும். பதிவைப் போட்டுக் கேட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. "டக் டிக் டக் டிக்" என்று ஒரு அடி பலமாகவும் மறு அடி மெலிவாகவும் இருந்தது. இடைவெளியும் சமமாக இல்லை, நொண்டுவது போல இருந்தது. மேடையில் அதே நொண்டல்தான் இருந்தது. வேகத்தில் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், காது அதை ஒரே சத்தமாக எடுத்துக்கொண்டது. வேகம் தவறைத் திருத்தவில்லை, மூடி வைத்தது.

ஏன் மெலிவு? நான் இடது கையில் பலம் குறைவு என்று நினைத்திருந்தேன். மாஸ்டர் கண்ணாடி முன்னால் வாசிக்கச் சொன்னார். வலது குச்சி ஒரு சாண் உயரம் எழும்பியது, இடது அதில் பாதிதான். டிரம்மில் சத்தத்தின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குச்சி எழும் உயரம்தான். அழுத்தி அடிக்கத் தேவையில்லை, இரண்டையும் ஒரே உயரத்துக்கு எழுப்பினால் போதும். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனையும் உண்டு: இடது கையில் ஆரம்பித்து வாசியுங்கள். பதிவைக் கேட்டால் எந்தக் கையில் ஆரம்பித்தோம் என்று உங்களுக்கே தெரியக்கூடாது.

அடுத்தது பாராடிடில். வலது, இடது, வலது வலது. பிறகு இடது, வலது, இடது இடது. நம் தகதிமியின் நான்கு எழுத்து போல நான்கு அடிதான், ஆனால் கடைசி இரண்டும் ஒரே கையில் விழும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கும் கை தானாக மாறுகிறது. இங்கே மாட்டிக்கொள்வது அந்த இரட்டையின் இரண்டாவது அடி. முதல் அடியில் குச்சி துள்ள, அந்தத் துள்ளலையே இரண்டாவது அடியாக விட்டுவிடுவோம். ரப்பர் பேட் நன்றாகத் துள்ளும், அதனால் நம் சோம்பல் வெளியே தெரியாது. என் மாஸ்டர் பேடை எடுத்துவிட்டு ஒரு தலையணையை வைத்தார். துள்ளல் இல்லாத இடத்தில் என் இரண்டாவது அடி காணாமலே போய்விட்டது. அங்கே மணிக்கட்டு வேலை செய்தால்தான் அடி வரும். பேடும் பொய் சொல்லும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது ஃப்ளாம். இதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஒரு கை ஒரு அங்குல உயரத்திலிருந்து மெல்லத் தொட, மறு கை உயரத்திலிருந்து கண நேரம் கழித்து முக்கிய அடியைப் போடும். இரண்டும் சேர்ந்து ஒரே கனத்த சத்தமாகக் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால் தட்டையாக "டப்" என்று கேட்கும், அது ஃப்ளாம் இல்லை. தள்ளி விழுந்தால் தனித்தனியாக இரண்டு அடி கேட்கும், அதுவும் இல்லை.

கை மாற்றி வாசிக்கும்போதுதான் கஷ்டம். இப்போது உயரத்திலிருந்து அடித்த கை, அடித்தவுடன் மேலே எழும்பாமல் பேடுக்கு அருகிலேயே நிற்க வேண்டும். ஏனென்றால் அடுத்த முறை மெல்லத் தொடும் வேலை அதற்குத்தான். இப்போது தாழ்ந்து தொட்ட கை உடனே மேலே எழ வேண்டும், அடுத்த முக்கிய அடி அதனுடையது. வேகமாக வாசித்தால் இரண்டு கையும் நடு உயரத்தில் நின்றுவிடும், எது பெரிது எது சிறிது என்று தெரியாது. தாளத்துக்கு ஒரு ஃப்ளாம் என்று 60ல் வாசித்தால், இரண்டு ஃப்ளாமுக்கு நடுவே முழுதாக ஒரு வினாடி கிடைக்கும். அந்த வினாடியில் கீழே நிறுத்த வேண்டிய கையை நிறுத்தினோமா என்று பார்க்க முடியும்.

"அப்போ மெதுவா வாசிச்சா நேர்மை, வேகமா வாசிச்சா பொய்யா மாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "மெதுவாவும் ஏமாத்தலாம்டா" என்றார். உண்மைதான். 60ல் முழுக் கையையும் தூக்கி, தோளிலிருந்து அடித்து, அழகாக வாசிக்கலாம். ஆனால் அந்த அசைவு 140க்கு வராது. வேகத்தில் எந்த மணிக்கட்டும் விரலும் வேலை செய்யுமோ, அதே அசைவை மெதுவாகச் செய்தால்தான் அது பயிற்சி. இல்லையென்றால் நாம் பழகுவது வேறு ஏதோ ஒன்று. நான் இப்போது ஒரே அசைவில் 60ல் ஒரு நிமிடம் தவறில்லாமல் வந்தால்தான் நான்கு கூட்டுகிறேன். தவறினால் நான்கு குறைக்கிறேன். குறைப்பதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

என் கேள்விக்கு இப்போது நான் சொல்லும் பதில் இது. கூட்டத்துக்குக் கேட்காத தவறு கூட்டத்துக்குச் செய்த துரோகம் இல்லை. அவர்கள் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அந்தக் கைதட்டலை "நான் சரியாக வாசித்தேன்" என்பதற்குச் சாட்சியாக நான் எடுத்துக்கொண்டால், அங்கேதான் பொய் ஆரம்பிக்கிறது. அந்தப் பொய்யைக் கேட்பவனும் நான்தான், சொல்பவனும் நான்தான். அதைத் திருத்த வேறு ஆள் வர மாட்டார்.

நேற்று ராத்திரி எண் 84 வரை வந்தேன். பதிவைக் கேட்டேன். இடது கை இன்னும் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கிறது. இன்று மறுபடியும் 80.